எவ்வளவு நீளமான விரிசல் கண்ணாடியை உடைக்கும்?

கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் 300 மி.மீ., தடிமன் 5 மி.மீ. அதன் இரு எதிர் விளிம்புகளைப் பிடித்து, ஒன்றரை டன் எடைக்குச் சமமான விசையால் இரு பக்கமும் இழுக்கிறோம். குறுக்குவெட்டில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ இழுவை விழும். பொறியாளர்கள் இதை 10 மெகாபாஸ்கல் தகைவு என்பார்கள். கீறல் இல்லாத நல்ல கண்ணாடி இந்த இழுவையை எளிதாகத் தாங்கும்.

இழுபட்ட தகட்டுக்குள் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. இந்த அளவுள்ள தகட்டில் அது சுமார் 0.3 ஜூல். தகட்டைக் குறுக்கே இரண்டாகப் பிளக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஜன்னல் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு விரிசலை ஓட்ட ஏறத்தாழ 8 ஜூல் செலவாகும். நம் தகட்டின் குறுக்குவெட்டு மிகச் சிறியது. ஆகவே முழுத் தகட்டையும் பிளக்க 0.012 ஜூல் போதும். அதாவது, பிளக்கத் தேவையானதைப் போல 25 மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் தகடு உடையாமல் நிற்கிறது.

தகட்டின் நடுவில், இழுக்கும் திசைக்குக் குறுக்காக, 2 மி.மீ. நீளமுள்ள விரிசல் ஒன்று இருந்தாலும் அது உடையாது. விரிசல் 4 மி.மீ. இருந்தால் அதே இழுவையில் நொடிப்பொழுதில் இரண்டாகிவிடும். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே ஏதோ ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எங்கே, ஏன் என்பதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் அவர். அவருடைய கட்டுரை 1921-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது.

கூர்முனை தந்த குழப்பம்

கிரிஃபித்துக்கு முன்பே, 1913-இல், சார்லஸ் இங்கிலிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பொறியாளர் ஒரு முக்கியமான கணக்கைச் செய்து முடித்திருந்தார். இழுபடும் தகட்டில் நீள்வட்டத் துளை ஒன்று இருந்தால், அதன் முனையில் தகைவு எத்தனை மடங்காகிறது என்பதே அந்தக் கணக்கு. வட்டத் துளையானால் விளிம்பில் தகைவு 3 மடங்கு. அகலத்தைப் போலப் பத்து மடங்கு நீளமான துளையானால் முனையில் 21 மடங்கு. துளை எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு தூரம் முனையில் தகைவு ஏறும்.

கப்பல் தகட்டில் இருக்கும் கூரிய மூலைகள் ஏன் ஆபத்தானவை என்பதை இந்தக் கணக்கு நன்றாக விளக்கியது. விரிசல் என்று வந்ததும் அது சிக்கிக்கொண்டது. இங்கிலிஸ் கணக்கில் துளையின் வடிவம் மட்டுமே வருகிறது, அளவு வருவதில்லை. ஒரே வடிவமுள்ள சிறு கீறலும் பெருங்கீறலும் தகைவை ஒரே மடங்குதான் உயர்த்த வேண்டும். நடைமுறையிலோ பெரிய கீறல் உள்ள பொருள்தான் முதலில் உடைகிறது. அது மட்டுமல்ல, உண்மையான விரிசலின் முனை அணுக்களின் அளவுக்குக் கூர்மையானது. அங்கே தகைவைக் கணக்கிட்டால் விடை எல்லையின்றி ஏறிப்போகும். அப்படியானால் விரிசல் விட்ட எந்தப் பொருளும் சிறு பாரத்திலேயே உடைந்திருக்க வேண்டும். அப்படி உடைவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

விரிசலின் முனையில் தகைவு எவ்வளவு என்ற கேள்வியையே கிரிஃபித் ஒதுக்கி வைத்தார். அவர் வேறொன்றைக் கேட்டார்: விரிசல் இன்னும் சற்று நீண்டால் ஆற்றல் எவ்வளவு வரும், எவ்வளவு போகும்?

வரவும் செலவும்

குடும்பக் கணக்கைப் போல இதிலும் இரண்டு பத்திகள் உண்டு. முதலில் செலவு. விரிசல் நீளும்போது, அதுவரை ஒன்றோடொன்று பிணைந்திருந்த அணுக்கள் பிரிந்து இரண்டு புதிய பரப்புகள் உருவாகின்றன. பிணைப்பை அறுக்க ஆற்றல் வேண்டும். விரிசல் இரு மடங்கு நீண்டால் பரப்பும் இரு மடங்கு, செலவும் இரு மடங்கு.

அடுத்தது வரவு. விரிசலுக்கு மேலும் கீழும் உள்ள கண்ணாடி இனி இழுவையைச் சுமப்பதில்லை, ஏனென்றால் அதைப் பற்றி இழுக்க எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. இழுபட்டிருந்த அந்தப் பகுதி தளர்கிறது, அதிலிருந்த ஆற்றல் விடுபடுகிறது. தளர்ந்த பகுதியின் அகலம் விரிசலின் நீளத்தை ஒட்டியது. அதன் உயரமும் விரிசலின் நீளத்தை ஒட்டியதுதான். ஆகவே விரிசல் இரு மடங்கானால் தளர்ந்த பகுதி நான்கு மடங்கு, வரவும் நான்கு மடங்கு.

செலவு நீளத்தோடு ஏறுகிறது, வரவு நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. விரிசலின் எல்லை பற்றிய கதை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. விரிசல் சிறிதாக இருக்கும்வரை செலவே அதிகம். போதிய அளவு நீண்டபின் வரவு முந்திவிடும்.

விரிசல் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முன்னேறினால் எத்தனை ஜூல் விடுபடும் என்று கணக்கிட்டுச் சொல்வதே ஆற்றல் விடுவிப்பு வீதம். இந்த வீதம் நேரத்தைப் பொறுத்தது அல்ல, பரப்பைப் பொறுத்தது. 1950-களில் இந்த அளவுக்கு முறையான வடிவம் தந்தவர் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் இர்வின். கிரிஃபித்தின் பெயரை நினைவுகூர்ந்து அதற்கு G என்ற எழுத்தைக் கொடுத்தார். அகன்ற மெல்லிய தகட்டின் நடுவில் விரிசல் இருந்தால் அதன் மதிப்பு இதுதான்:

G = πσ²a/E

இதில் σ என்பது தகைவு, a என்பது விரிசலின் பாதி நீளம். E என்பது பொருளின் விறைப்பைக் காட்டும் யங் குணகம். கண்ணாடிக்கு அது சுமார் 70,000 மெகாபாஸ்கல். G-இன் மதிப்பு அந்தப் பொருள் கேட்கும் செலவை எட்டும்போது விரிசல் ஓடத் தொடங்குகிறது. கண்ணாடி கேட்பது சதுர மீட்டருக்கு 8 ஜூல்.

நம் தகட்டில் நடப்பது

இனி அந்தத் தகட்டுக்குத் திரும்புவோம். தகைவு 10 மெகாபாஸ்கல். விரிசல் 2 மி.மீ. என்றால் பாதி நீளம் 1 மி.மீ. வாய்பாட்டில் போட்டால் G சுமார் 4.5 ஜூல் வருகிறது. வேண்டியது 8. விரிசல் அடுத்த அடி எடுத்து வைக்கத் தேவையான ஆற்றலில் பாதியளவே கிடைக்கிறது. அதனால் அது நகராது.

விரிசலை 3 மி.மீ. ஆக்கினால் G 6.7 ஜூல். இன்னும் போதவில்லை. 3.6 மி.மீ. ஆனதும் G 8 ஜூலைத் தொடுகிறது. இதுதான் இந்தத் தகைவில் இந்தக் கண்ணாடியின் மாறுநிலை நீளம். 4 மி.மீ. விரிசலில் G 9 ஜூல், அதாவது செலவு போக 1 ஜூல் மிச்சம்.

அந்த மிச்சம்தான் உடைவின் வேகத்துக்குக் காரணம். விரிசல் நீள நீள G ஏறிக்கொண்டே போகிறது, செலவோ 8 ஜூலிலேயே நிற்கிறது. 6 மி.மீ.யில் மிச்சம் 5 ஜூலைத் தாண்டுகிறது. இந்த உபரி ஆற்றல் கண்ணாடித் துண்டுகளின் இயக்கமாக மாறுகிறது. கண்ணாடியில் ஓடும் விரிசல் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தை எட்டும். அந்த வேகத்தில் ஒரே முனையால் அவ்வளவு ஆற்றலையும் செலவழிக்க முடியாமல் விரிசல் கிளைவிடுகிறது. அதிக இழுவையில் உடைந்த கண்ணாடி பல துண்டுகளாகச் சிதறுவதும், குறைந்த இழுவையில் உடைந்தது ஓரிரு துண்டுகளாகப் பிரிவதும் இதனால்தான். துண்டுகளையும் கிளைகளையும் பார்த்தே, உடைந்தபோது தகைவு பெரிதா சிறிதா என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மொத்த வரவு மொத்தச் செலவுக்குச் சமமாகும்போதுதான் விரிசல் ஓடும் என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. 3.6 மி.மீ. விரிசலில் அதுவரை விடுபட்ட மொத்த ஆற்றல் அதுவரை ஆன மொத்தச் செலவில் பாதிதான். அந்தப் பழைய பற்றாக்குறையை விரிசல் அடைக்க வேண்டியதில்லை. கல்லடியோ, கீறிய கூர்முனையோ, உற்பத்தியின்போது நேர்ந்த குறையோ அந்தச் செலவை முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது. விரிசலைப் பொறுத்தவரை இனி எடுத்து வைக்கும் அடுத்த அடிக்கு வரவு போதுமா என்பதே கேள்வி.

தொடக்கத்தில் கேட்ட புதிருக்கும் இதுதான் விடை. தகட்டுக்குள் 25 மடங்கு ஆற்றல் இருந்தும் அது உடையாததற்குக் காரணம், அந்த ஆற்றலை விடுவிக்கும் அளவுக்கு நீளமான விரிசல் அங்கே இல்லை என்பதே.

உடைத்துப் பார்த்த குமிழ்கள்

கிரிஃபித் இதை ஏட்டுக் கணக்காக விட்டுவிடவில்லை. மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் குமிழ்களையும் குழாய்களையும் எடுத்து, அவற்றில் வேண்டிய நீளத்துக்கு விரிசல்களை உண்டாக்கினார். கண்ணாடியைக் கீறும்போது அந்த இடத்தில் தகைவு தங்கிவிடும். அது சோதனையைக் கெடுக்கும் என்பதால் குமிழ்களை 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பதப்படுத்தி அந்தத் தகைவை நீக்கினார். பிறகு உள்ளே திரவத்தைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றி, எந்தத் தகைவில் வெடிக்கிறது என்று அளந்தார்.

அவர் அங்குலத்திலும் பவுண்டிலும் தந்த அளவுகளை நம் அலகுகளுக்கு மாற்றினால் இப்படி வரும். விரிசல் 3.8 மி.மீ. இருந்த குமிழ் 6 மெகாபாஸ்கலில் வெடித்தது. 6.9 மி.மீ. விரிசல் 4.3-லும், 13.7 மி.மீ. விரிசல் 3.3-லும், 22.6 மி.மீ. விரிசல் 2.5-லும் வெடித்தன. வாய்பாட்டின்படி, தகைவை விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். பாதி நீளத்தை வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 8.2, 8.0, 8.7, 8.5. விரிசல் ஆறு மடங்கு நீண்டும் அந்த எண் பெரிதாக அசையவில்லை. முறிவைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும் என்பதற்கு இந்த நான்கு குமிழ்கள் தந்த சான்று வலுவானது.

அடுத்து அவர் விரிசல் இல்லாத கண்ணாடியின் பக்கம் திரும்பினார். கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்தார். ஒரு மி.மீ. தடிமனுள்ள இழை 172 மெகாபாஸ்கலில் அறுந்தது. 0.0033 மி.மீ. தடிமனுக்கு மெலிந்த இழை ஏறத்தாழ 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. பொருள் ஒன்றுதான், வலிமையோ 20 மடங்கு கூடிவிட்டது. அவ்வளவு மெல்லிய இழைக்குள் நீளமான கீறல் இருக்க இடமே இல்லை.

சாதாரண ஜன்னல் கண்ணாடி 50 மெகாபாஸ்கல் அளவில் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். வாய்பாட்டைத் திருப்பிப் போட்டால், அதன் பரப்பில் சுமார் 0.06 மி.மீ. ஆழக் கீறல் ஒன்று இருந்திருக்க வேண்டும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்தக் கீறல் துடைக்கும்போதும், அடுக்கும்போதும், மணல் படும்போதும் உண்டாகக்கூடியது. கண்ணாடியின் வலிமை பெரும்பாலும் அதன் மேற்பரப்பின் நிலையில்தான் இருக்கிறது. இதை அறிந்துதான் பதமேற்றிய கண்ணாடியின் வெளிப்பரப்பை அமுங்கிய நிலையில் வைக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இழுவை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்க்க வேண்டும். அதுவரை கீறலின் வாய் மூடியே இருக்கும்.

எல்லா விரிசலும் பாய்வதில்லை

எல்லையைத் தாண்டிய விரிசல் எப்போதும் பாய்ந்தோடும் என்று எண்ணிவிடக் கூடாது. அது பாரம் எப்படித் தரப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 1930-இல் ரஷ்ய இயற்பியலாளர் ஒப்ரெய்மோவ் அபிரகத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். அபிரகக் கட்டியிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றை ஆப்பு செருகிப் பிரித்தார். ஆப்பின் தடிமன் மாறாது. பிரிந்த ஏடு நீள நீள அதன் வளைவு தளர்ந்து, G விரைவாகக் குறைகிறது. நீளம் இரு மடங்கானால் G பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே விரிசல் சிறிது ஓடியதும் வரவு செலவுக்குக் கீழே போய், அது நின்றுவிடுகிறது. ஆப்பை மேலும் தள்ளினால்தான் மேலும் நகரும். இந்த அமைப்பில் விரிசல் எங்கே நிற்கிறது என்று அளந்தாலே அந்தப் பொருள் கேட்கும் செலவு தெரிந்துவிடும்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். விரிசல் தொடங்குமா என்பதற்கு G-இன் அளவு விடை சொல்லும். தொடங்கியது நிற்குமா என்பதற்கு, விரிசல் நீளும்போது G ஏறுகிறதா இறங்குகிறதா என்பது விடை சொல்லும்.

கணக்கு தவறும் இடங்கள்

புதிய பரப்பை உண்டாக்கும் ஆற்றலை மட்டும் செலவாகக் கொண்டார் கிரிஃபித். உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையை அளந்து, அதிலிருந்து அறை வெப்பநிலையின் மதிப்பைக் கணித்தார். ஒரு பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 0.54 ஜூல், இரு பரப்புக்கும் சேர்த்து ஒரு ஜூலுக்குச் சற்று மேல். இன்று அளக்கும் செலவோ 8 ஜூலை ஒட்டி நிற்கிறது. விரிசல் கடக்கும்போது முனையைச் சுற்றியுள்ள பொருளிலும் ஆற்றல் வீணாகிறது. ஆகவே பரப்பு ஆற்றலை வைத்து மட்டும் எல்லையைக் கணித்தால் விடை பிழைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் சோதித்து அளந்த எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும்.

உலோகத்தில் இந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. எஃகில் விரிசலின் முனை நெளிந்து கொடுக்கிறது, அந்த நெளிவே பெரும் ஆற்றலை விழுங்குகிறது. நல்ல கட்டுமான எஃகு சதுர மீட்டருக்கு 50,000 ஜூல் கேட்கும். 1940-களின் இறுதியில் இர்வினும் ஒரோவனும் தனித்தனியே இதைச் சுட்டிக்காட்டி, கிரிஃபித்தின் கணக்கை எஃகுக்கும் பொருந்தச் செய்தார்கள். 100 மெகாபாஸ்கல் தகைவில் அப்படிப்பட்ட எஃகுத் தகடு 60 செ.மீ.க்கு மேற்பட்ட விரிசலையும் தாங்கும். ஆனால் குளிரில் சில வகை எஃகு நொறுங்கும் தன்மைக்கு மாறும். அது கேட்கும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், தாங்கும் விரிசலும் 6 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு நகரின் துறையில் அமைதியாக நின்றிருந்த 'ஷெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் நடுவே பிளந்தது. பற்றவைத்து இணைத்த ஒரே உடலாக இருந்த அந்தக் கப்பலில், தொடங்கிய விரிசலை இடையில் நிறுத்த எதுவும் இல்லை.

கண்ணாடிக்கு உள்ள இன்னொரு தொல்லை ஈரம். காற்றிலுள்ள நீராவி விரிசலின் முனைக்குள் புகுந்து, இழுபட்டு நிற்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை வேதிவினையால் அறுக்கிறது. அதனால் G 8 ஜூலை எட்டாதபோதும் விரிசல் மெல்ல மெல்ல ஊர்ந்து செல்லும். ஈரம் கூடினால் ஊரும் வேகமும் கூடுகிறது என்பதை 1967-இல் வீடர்ஹார்ன் அளந்து காட்டினார். நம் தகட்டில் 3 மி.மீ. விரிசல் இழுத்த நொடியில் பாயாமல் இருக்கலாம். அதே பாரத்தை நீடிக்கவிட்டால் அது 3.6 மி.மீ.யை எட்டி, யாரும் தொடாமலேயே உடையும். மாறுநிலை நீளம் அந்த நொடிக்கான எல்லை மட்டுமே. நீண்ட காலம் பாரம் சுமக்கும் கண்ணாடிக்கு அதைவிட மிகக் குறைந்த எல்லையை வகுப்பதே முறை.

எனவே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம், எத்தனை நாள் என்று கேளுங்கள். விரிசலைச் சரிசெய்ய வழியில்லாவிட்டாலும் பாரத்தைக் குறைக்கலாம். வாய்பாட்டில் தகைவு வர்க்கமாக வருவதால், இழுவையைப் பாதியாக்கினால் அதே தகடு நான்கு மடங்கு நீளமான விரிசலைத் தாங்கும்.